வீட்டுக்கு வேண்டிய லிட்டரிலிருந்து தொட்டியின் உள்ளளவு வரை: கணக்கு முழுவதும், ஒரு வீட்டை வைத்து

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் வீடு கட்டுகிறவர்கள் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் கேட்பது, “எத்தனைக்கு எத்தனை போடலாமுங்க?” என்பதுதான். மேஸ்திரியும் பக்கத்து வீட்டில் போட்ட அளவையே சொல்லிவிடுவார். கேரளம் முழுக்க மழை கொட்டும்போதும் மழை மறைவுப் பகுதியான இந்தக் கிழக்குச் சித்தூர்த் தாலுகாவில் கோடையில் குழாய்த் தண்ணீர் நாள் கணக்கில் தள்ளிப்போகும். ஆழ்துளைக் கிணற்றையும் நம்ப முடியாது. இங்கே தொட்டியின் அளவைப் பக்கத்து வீட்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்பதிலிருந்து தொடங்கி, தொட்டிக்குள் பூச்சு முடிந்த சுவருக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் வேண்டும் என்பது வரை ஒரே நேர்க்கோட்டில் கணக்கு வர வேண்டும்.

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் என் சித்தப்பா வீட்டுக்குப் போட்ட கணக்கை அப்படியே இங்கே தருகிறேன். வீட்டில் ஐந்து பேர், ஒரு கறவை மாடு. குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை வரும். தொட்டி தரைக்கு மேலே, கம்பி கட்டிய காங்கிரீட் சுவரில். நிலத்துக்குள் தோண்டாததற்குக் காரணம் உண்டு. இந்தப் பக்கம் கரிமண் பல இடங்களில் இருக்கிறது. மழையில் ஊதி, வெயிலில் வெடிக்கும் மண் அது. அதற்குள் இறக்கும் தொட்டியின் சுவரை வெளியிலிருந்தும் மண் நெருக்கும். அதற்கு வேறு வடிவமைப்பு வேண்டும்.

முதலில் ஒரு நாள் செலவு

அரசுத் திட்டங்களில் ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து வீடுகளுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்தது. முழுக் கழிவுநீர் வசதியுள்ள நகரத்துக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. இரண்டுக்கும் நடுவே இரண்டரை மடங்கு வித்தியாசம். அதனால் இந்த எண்களை எடுத்து உங்கள் வீட்டில் ஒட்டவைக்காதீர்கள். முதலில் உங்கள் செலவை அளந்துவிட்டு, வந்த விடை இவ்விரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அளப்பதற்கு ஒரு வாளி போதும். கடையில் ‘இருபது லிட்டர் வாளி’ என்று கொடுப்பது வாய் விளிம்பு வரை நிரப்பினால்தான் இருபது. நாம் தூக்கும்போது நாலு விரல் குறைவாகத்தான் நிரப்புவோம். ஆகவே ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி, நீங்கள் வழக்கமாக நிரப்பும் மட்டம் எத்தனை லிட்டர் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டுக் குடத்துக்கும் அப்படியே. அதன்பின் ஒரு சாதாரண நாளும் துணி துவைக்கும் நாளும் வாளியையும் குடத்தையும் எண்ணினால் போதும்.

சித்தப்பா வீட்டில் இப்படி வந்தது. குளிக்க ஆளுக்கு 40 லிட்டர், ஐந்து பேருக்கு 200. கழிப்பறைக்கு ஆளுக்கு 25, மொத்தம் 125. குடிக்கவும் சமைக்கவும் 40. பாத்திரம் கழுவ 60. துணிக்குச் சராசரியாக 100. வாசல் தெளிக்க, தரை துடைக்க 25. கூட்டினால் 550 லிட்டர், ஆளுக்கு 110. மேலே சொன்ன 55-க்கும் 135-க்கும் நடுவே வருகிறது, நம்பலாம். இதோடு மாடு. குடிக்க, கழுவ இரண்டுக்கும் சேர்த்து 100 வைத்தோம். வெயில் காலத்தில் கறவை மாடு குடிக்கும் தண்ணீர் நாம் நினைப்பதைவிட அதிகம். மாட்டுக்கான கணக்கை மட்டும் பங்குனி, சித்திரையில் எண்ணிப் பாருங்கள், மார்கழியில் எண்ணாதீர்கள்.

ஆக, ஒரு நாளைக்கு 650 லிட்டர்.

துணி துவைப்பது வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் என்றால் அந்த நாளின் முழுச் செலவையும் தினச் செலவாக எழுதிவிடக் கூடாது. வாரத்தில் மொத்தம் எத்தனை வாளி என்று எண்ணி ஏழால் வகுங்கள். தொட்டி பெரிதாகிப் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான்.

எத்தனை நாளைக்கு?

திங்கட்கிழமை தண்ணீர் வந்தது, அடுத்து வியாழக்கிழமை வரும் என்றால் இடையில் எத்தனை நாள் செலவைத் தொட்டி தாங்க வேண்டும்? செவ்வாய், புதன் என்று இரண்டு நாளாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். திங்கள் தண்ணீர் நின்ற நேரத்திலிருந்து வியாழன் அதே நேரம் வரை மூன்று முழு நாள் செலவு இருக்கிறது. கணக்கு மூன்று.

அதற்குமேல் ஒரு நாள் கையிருப்பு வைத்தோம். வியாழன் வர வேண்டியது வெள்ளிக்குத் தள்ளினால் வீடு காயக் கூடாது. ஒரு முறையே தவறினால் ஆறு நாள் தாங்க வேண்டுமே என்று சித்தப்பா கேட்டார். தாங்கலாம், ஆனால் தொட்டி ஒன்றரை மடங்கு ஆகும். ஆண்டில் இரண்டு மூன்று முறை நடப்பதற்காக அவ்வளவு பெரிய தொட்டி கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு முறை தவறுகிற வாரத்தில் துணியை ஒதுக்கினாலே நாளுக்கு 100 லிட்டர் மிச்சம். அதனால் 3 + 1 = 4 நாள்.

650 × 4 = 2600 லிட்டர். குழாயைத் திறந்தால் வெளியே வரக்கூடிய தண்ணீர் இது. தொட்டியின் மொத்தக் கொள்ளளவு இதைவிடப் பெரிதாக இருக்கும். அதை அடுத்துப் பார்ப்போம்.

அதற்கு முன்னால், இந்த 2600 லிட்டர் குழாயில் வந்து சேருமா என்று பார்த்துவிட வேண்டும். தொட்டியைப் பெரிதாகக் கட்டுவதால் குழாயில் தண்ணீர் கூடாது. சோதனை எளிது. தொட்டியின் வாய் எந்த உயரத்தில் வரப்போகிறதோ அந்த உயரத்துக்குக் குழாயின் ஓஸைத் தூக்கிப் பிடித்து, அங்கே வைத்து வாளியை நிரப்புங்கள். தரையில் வைத்து நிரப்பினால் அழுத்தம் குறைந்த ஊர்களில் ஏமாந்துபோவோம். தரையில் குபுகுபு என்று கொட்டும் குழாய் இடுப்பு உயரத்தில் நூலாக ஒழுகுவதைப் பார்க்கலாம். எங்கள் கணக்கில் ஸ்டூல் மேல் வைத்த வாளி, 20 லிட்டர் நிரம்ப 90 விநாடி எடுத்தது. நிமிடத்துக்கு 13 லிட்டர் சொச்சம், மணிக்கு 800 லிட்டர். தண்ணீர் மூன்று மணி நேரம் வருகிறது, ஆக ஒரு முறைக்கு 2400 லிட்டர்.

மூன்று நாள் செலவு 650 × 3 = 1950. வருவது 2400. மிச்சம் 450. அதாவது கையிருப்பு நாளுக்கான 650 லிட்டரும் ஒரே முறையில் சேராது, இரண்டு முறை தண்ணீர் வந்தால் சேரும். போதும். வருவது இரண்டு மணி நேரம் மட்டும் என்றிருந்தால் 1600 லிட்டர்தான். மூன்று நாள் செலவுக்கே பற்றாது. அந்த வீட்டில் நாலு நாள் தொட்டி என்றைக்கும் நிரம்பாது. அங்கே பணத்தை வேறு தண்ணீர் வழிக்குச் செலவிட வேண்டும்.

டேங்கர் தண்ணீரை நம்பும் வீட்டுக்குக் கணக்கு வேறு இடத்தில் தொடங்கும். டிராக்டர் டேங்கர் 5000 லிட்டர் கொண்டுவந்தால் பாதியை இறக்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்ப முடியாது. நாம் போன் செய்யும்போது தொட்டியில் ஒரு நாள் தண்ணீர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், டேங்கர் அளவும் ஒரு நாள் செலவும் சேர்ந்து 5650 லிட்டருக்கு இடம் வேண்டும். இதற்குப் பிறகு வரும் படிகள் இரண்டுக்கும் ஒன்றே.

லிட்டர் எப்படிக் கன அளவாகிறது

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள பெட்டியில் சரியாக 1000 லிட்டர் கொள்ளும். அதனால் லிட்டரை 1000-ஆல் வகுத்தால் கன மீட்டர். 2600 லிட்டர் என்பது 2.6 கன மீட்டர்.

அடியில் பார்ப்பவர்களுக்கு: ஒரு கன அடியில் 28.3 லிட்டர். 2600-ஐ 28.3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 92 கன அடி. முழுக் கணக்கையும் மீட்டரில் போட்டுவிட்டுக் கடைசியில் மட்டும் மேஸ்திரிக்காக அடிக்கு மாற்றுவதே நல்லது. இங்கே பஞ்சாயத்துக்குக் கொடுக்கும் பிளான் மீட்டரில் இருக்கும், வேலையிடத்தில் பேச்சு அடியில் இருக்கும். நடுவில் இரண்டு மூன்று முறை மாற்றினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நழுவும்.

உயரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றும் தெரியாதவை. ஒரே சமயத்தில் மூன்றையும் தேட முடியாது. முதலில் ஒன்றைக் கட்டிப்போட வேண்டும். அது உயரமாக இருப்பதுதான் நல்லது.

சுவரைத் தண்ணீர் தள்ளும் விசை தொட்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, எத்தனை ஆழம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆழம் இரண்டு மடங்கானால் ஓரடி நீளச் சுவரின் மேல் விழும் மொத்தத் தள்ளு விசை நாலு மடங்காகும். ஆகவே இடம் குறைவென்று உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சுவரின் கம்பி, தடிமன் எல்லாம் கூட வேண்டியிருக்கும். வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஆழம் ஒரு மீட்டர் அளவில் நிற்பது சௌகரியம். உள்ளே இறங்கித் தேய்க்கவும் எளிது. ஒன்றரை மீட்டரைத் தாண்டுவதாக இருந்தால் சுவர் தடிமனையும் கம்பியையும் பொறியாளர்தான் சொல்ல வேண்டும், மேஸ்திரியின் அனுபவத்தை மட்டும் நம்பிக் கட்ட வேண்டாம்.

இங்கே ஒரு மீட்டர் என்று நான் சொல்வது பயன்படும் தண்ணீரின் ஆழம். தொட்டியின் உள்ளுயரம் மூன்று பகுதி சேர்ந்தது.

அடியில் தங்கும் தண்ணீர் முதல் பகுதி. வீட்டுக்குப் போகும் குழாயைத் தரையோடு ஒட்டி வைத்தால் மண்டி முழுவதும் குழாயில் வரும். அதனால் குழாயின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 10 செ.மீ. மேலே இருக்க வேண்டும். அந்த 10 செ.மீ. தண்ணீர் எப்போதும் உள்ளே நிற்கும், தொட்டி கழுவும்போது அடியில் உள்ள கழிவுக் குழாய் வழியாகப் போகும். அதைச் செலவுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நடுவில் பயன்படும் ஆழம், 100 செ.மீ.

மேலே காலியிடம், 15 செ.மீ. மிதவை வால்வு வேலை செய்ய இடம் வேண்டும். மிதவை தரையிலிருந்து 110 செ.மீ. மட்டத்தில் தண்ணீரை நிறுத்தும்படி வைத்தோம். அது பழுதானால் வழிய, வழிகுழாயின் கீழ் விளிம்பு 113 செ.மீ. மட்டத்தில். வழிகுழாய் உள்ளே வரும் குழாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அரை அங்குலக் குழாயில் தண்ணீர் வந்தால் வழிகுழாய் ஒன்றேகால் அங்குலமாவது இருக்கட்டும். அழுத்தத்தோடு வருவதைத் தானாக வழிவது ஈடுகட்ட அந்த அகலம் வேண்டும். வாயில் கொசுவலைக் கம்பி கட்டிவிடுங்கள்.

10 + 100 + 15 = 125 செ.மீ. இதுதான் உள்ளுயரம்.

தரைப்பரப்பு, பிறகு அகலம், பிறகு நீளம்

பயன்படும் கன அளவைப் பயன்படும் ஆழத்தால் வகுத்தால் தரைப்பரப்பு. 2.6 ÷ 1.00 = 2.6 சதுர மீட்டர். 125 செ.மீ. உள்ளுயரத்தால் வகுத்துவிடாதீர்கள். வகுத்தால் 2.08 சதுர மீட்டர் என்று வரும், நாலு நாள் தொட்டி மூன்று நாளைக்குச் சற்றே கூடுதலான தொட்டியாகிவிடும். ஆழம் 80 செ.மீ. போதும் என்று நினைத்தால் 2.6 ÷ 0.8 = 3.25 சதுர மீட்டர் இடம் தேட வேண்டும்.

இனி இடத்தை அளக்க வேண்டும். சித்தப்பா வீட்டில் தொட்டி வரும் இடம், வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் உள்ள 3.10 மீட்டர் சந்து. வீட்டுப் பக்கம் நடக்க 75 செ.மீ. விட்டோம். காம்பவுண்டுப் பக்கம் 45 செ.மீ. “அது எதுக்கு தம்பி சும்மா காலியா கெடக்கணும், ஒட்டிப் போட்டுரலாம்ல?” என்றார் சித்தப்பா. ஒட்டிப் போட்டால் அந்தப் பக்கம் வெளிப்பூச்சு பூச மேஸ்திரியின் கை போகாது. பிறகு அங்கே ஒழுகினாலும் கண்ணில் படாது. காம்பவுண்டுச் சுவர் பாசி பிடித்த பிறகுதான் தெரியும். 310-இல் 120 போக மீதி 190 செ.மீ. வெளி அகலம் இதற்குமேல் போகக் கூடாது.

இப்போது வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். சுவர் காங்கிரீட் 15 செ.மீ., உள்பூச்சு 2 செ.மீ., வெளிப்பூச்சு 1.5 செ.மீ. ஒரு பக்கத்துக்கு 18.5. சுவர் இரண்டு பக்கமும் இருக்கிறதே, ஆக 37 செ.மீ. கழிய வேண்டும். 190 − 37 = 153. முழு எண்ணாக உள்ளகலம் 1.50 மீட்டர்.

நீளம் இனித் தானாக வரும். 2.6 ÷ 1.50 = 1.733 மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் முழு எண்ணுக்கு மேல்நோக்கிக் கொண்டுபோனால் 1.75. கீழ்நோக்கி 1.70 என்று வைத்தால் 2550 லிட்டர்தான் வரும், 50 லிட்டர் பற்றாது. எப்போதும் மேல்நோக்கியே போங்கள்.

ஆக, பூச்சு முடிந்த பிறகு உள்ளளவு: நீளம் 1.75 மீட்டர், அகலம் 1.50 மீட்டர், உயரம் 1.25 மீட்டர்.

திருப்பிப் பெருக்கிச் சரிபாருங்கள். 1.75 × 1.50 = 2.625 சதுர மீட்டர். அதை 1.00-ஆல் பெருக்கினால் 2.625 கன மீட்டர், 2625 லிட்டர். வேண்டியது 2600. சரி. அதே தரைப்பரப்பை 1.25-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 3280 லிட்டர். அது தொட்டியின் மொத்தக் கன அளவு. அதில் நமக்குக் கிடைப்பது 80 சதவீதம். யாராவது ‘மூவாயிரம் லிட்டர் தொட்டி’ என்று சொன்னால் இந்த இரண்டில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டலாம். ஆனால் உள்ளகலம் 90 செ.மீ.-க்குக் கீழே போனால் உள்ளே ஒருவர் குனிந்து தேய்க்க முடியாது. அதோடு ஒரே தரைப்பரப்புக்குச் சதுரத்தை நெருங்கிய வடிவத்தில்தான் சுவர் நீளம் குறைவு, செலவும் குறைவு. மேல் மூடியில் ஆள் இறங்க 60 செ.மீ. சதுர வாயாவது விடுங்கள்.

மேஸ்திரியிடம் அளவு சொல்லும்போது

இவ்வளவு கவனமாகப் போட்ட கணக்கு கெட்டுப்போகும் இடம் இதுதான். அளவைச் சொல்லும்போது ‘உள்ளளவு, பூச்சுக்குப் பிறகு’ என்ற இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், தாளிலும் எழுதுங்கள்.

1.75-க்கு 1.50 என்று மட்டும் சொல்லி, மேஸ்திரி அதை வெளியளவாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் சேர்த்து 37 செ.மீ. போய், உள்ளே 1.38-க்கு 1.13 மிஞ்சும். பயன்படும் தண்ணீர் 1559 லிட்டர். ஆயிரத்துக்கும் மேல் காணாமல் போகிறது, அதாவது ஒன்றரை நாள் தண்ணீர். உள்ளளவு என்று சொல்லிப் பூச்சைச் சொல்லாமல் விட்டால் இழப்பு சிறிது: 1.71-க்கு 1.46 ஆகி 2497 லிட்டர் வரும், 128 லிட்டர் குறையும். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் நல்ல தொட்டியாகத்தான் தெரியும். கோடையில் நாலாம் நாள் காலை குழாயில் காற்று வரும்போதுதான் வித்தியாசம் புரியும்.

ஆகவே பலகை அடிப்பவருக்குச் சொல்ல வேண்டிய அளவு வேறு. உள்பூச்சு இரண்டு பக்கமும் 2 செ.மீ. என்றால் காங்கிரீட்டின் உள்முகம் நீளத்தில் 1.79, அகலத்தில் 1.54. உயரத்தில் தரைப்பூச்சைக் கூட்ட வேண்டும். கழிவுக் குழாய் இருக்கும் தாழ்ந்த முனையில் தரைப்பூச்சு 2 செ.மீ. என்றால் பூசாத உயரம் 1.27, மேல் மூடியின் அடியில் பூச்சு இல்லை என்று வைத்துக்கொண்டு. தரை கழிவுக் குழாய் பக்கம் சரிவாக இருக்கட்டும். ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு போதும். 1.75 மீட்டரில் எதிர்முனை 3.5 செ.மீ. உயரும். அது அடியில் தங்கும் 10 செ.மீ.-க்குள்ளேயே அடங்கிவிடுவதால் நம் 2625 லிட்டரில் கை வைக்காது.

அடியில் கேட்டால்: 1.75 மீட்டர் என்பது 5 அடி 9 அங்குலம். 1.50 மீட்டர் 4 அடி 11 அங்குலம். உள்ளுயரம் 4 அடி 1¼ அங்குலம். இதை வைத்துக் கன அளவைச் சரிபார்க்க நினைப்பவர்கள் 5 அடி 9 அங்குலத்தைக் கால்குலேட்டரில் 5.9 என்று அழுத்திவிடாதீர்கள். அங்குலத்தை 12-ஆல் வகுக்க வேண்டும். 9 அங்குலம் 0.75 அடி, ஆகவே 5.75. 11 அங்குலம் 0.917 அடி, ஆகவே 4.917. ஆழம் 3.281 அடி. மூன்றையும் பெருக்கினால் 92.8 கன அடி, 28.3-ஆல் பெருக்கினால் 2625 லிட்டர், மீட்டர் கணக்கோடு பொருந்துகிறது. 5.9, 4.11 என்று அழுத்தினால் 2250 லிட்டர் அளவில் வந்து, நன்றாக இருக்கும் தொட்டியைச் சிறிது என்று நினைத்துக் குழப்பிக்கொள்வோம்.

எடையையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். இந்தத் தொட்டி விளிம்பு வரை நிறைந்தால் தண்ணீர் மட்டும் மூன்றேகால் டன், காங்கிரீட் தனி. இதே அளவை மொட்டை மாடியில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் வீட்டின் பில்லர், பீம் வரைபடத்தோடு பொறியாளரைப் பார்க்க வேண்டும். தரையில் வைத்தாலும் கரிமண் இடத்தில் அடித்தளத்தை அவரிடமே கேளுங்கள். தொட்டி ஒரு பக்கம் இறங்கினால் சுவரில் மூலையோரம் வெடிப்பு விடும்.

கட்டும்போதும் கட்டிய பிறகும் அளந்து பார்க்க

பலகை அடித்ததும், காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே டேப்பை எடுங்கள். நீளத்தை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும், அகலமும் அப்படியே. பிறகு மூலைக்கு மூலை. உள்முகம் 1.79-க்கு 1.54 என்றால் இரண்டு மூலைவிட்டமும் 2.36 மீட்டர் அளவில் சமமாக வர வேண்டும். ஒன்று 2.40, மற்றொன்று 2.32 என்று வந்தால் நாலு பக்கமும் சரியாக இருந்தாலும் தொட்டி கோணலாக இருக்கிறது. பலகையைத் தட்டி நேராக்க இதுவே நேரம். பூச்சு முடிந்த பிறகு அதே அளவு 2.30 சொச்சம் இருக்கும்.

குழாய்த் துளைகளின் உயரத்தையும் பூச்சு முடிந்த தரை மட்டத்திலிருந்து குறியுங்கள். வெறும் காங்கிரீட் தரையிலிருந்து 10 செ.மீ. குறித்தால் தரைப்பூச்சு வந்தபிறகு 8 ஆகிவிடும், மண்டி குழாய்க்கு நெருங்கிவிடும்.

பூச்சு ஆறி, முதல் முறை நிரப்பும்போது காங்கிரீட் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் மட்டம் இறங்குவதை வைத்து ஒழுகல் என்று முடிவு செய்யாதீர்கள். அதன்பின் 110 செ.மீ. வரை நிரப்பி, உள்ளே வரும் வால்வு, வெளியே போகும் வால்வு இரண்டையும் மூடி, சுவரில் பென்சிலால் தண்ணீர் மட்டத்தைக் குறித்து மூடியைப் போட்டுவிடுங்கள். மறுநாள் அதே நேரம் பாருங்கள். இந்தத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது 26 லிட்டர். மூடிய தொட்டியில் வெயில் குடித்துவிட்டது என்று சொல்ல இடமில்லை. ஒரே நாளில் அரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தாலும் 13 லிட்டர் எங்கோ போகிறது: முதலில் குழாய் நுழையும் துளைகளைச் சுற்றியும், பிறகு தரையும் சுவரும் சேரும் மூலையிலும் தேடுங்கள்.

அந்த 26 லிட்டர் கணக்கு கடைசியாக இன்னொன்றுக்கும் உதவும். 650 லிட்டரை 26.25-ஆல் வகுத்தால் 25 செ.மீ. வருகிறது. ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் அடியிலிருந்து 10 செ.மீ.-இல் ஒரு கோடு, அதற்குமேல் 35, 60, 85, 110 என்று நாலு கோடு போட்டுத் தொட்டிக்குள் நிறுத்தினால் ஒவ்வொரு கோடும் ஒரு நாள். தண்ணீர் வந்து நிரம்பிய பிறகு, மறுநாள் அதே நேரம் மட்டம் 85-க்கு வருகிறதா என்று பார்க்கலாம். 80-க்கு வந்தால் வீட்டுச் செலவு 650 அல்ல, 790 லிட்டர். தொட்டி நாலு நாளுக்குப் போதாது, மூன்று நாளுக்குத்தான் தாங்கும். கசிவு இல்லை என்று ஏற்கெனவே பார்த்துவிட்டதால், அப்போது தேட வேண்டியது கழிப்பறைத் தொட்டியின் ஓயாத சொட்டையும் மாட்டுத் தொட்டிப் பக்கம் திறந்தே கிடக்கும் குழாயையும்தான்.